மெக்னீசியம் மாத்திரை: ஆக்ஸைடா, சிட்ரேட்டா, கிளைசினேட்டா?

*"எனக்கு 54 வயது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, தூக்கமும் சரியில்லை. மலச்சிக்கல் கொஞ்சம் உண்டு. மூன்று வருடமாக பான்டோப்ரசோல், அதோடு தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். மெக்னீசியம் சாப்பிடச் சொல்கிறார்கள். கடையில் ஆக்ஸைடு, சிட்ரேட், கிளைசினேட் என்று மூன்று வகை, மூன்று விலை. எதை வாங்குவது?"*

இந்த மூன்றில் உங்களுக்கு ஏற்றது சிட்ரேட். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் கிளைசினேட்டுக்கு மாறலாம். ஆனால் எதை வாங்குவதற்கும் முன்பு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் என் கண்ணில் முதலில் பட்டது கால்பிடிப்பு அல்ல, வயிற்று அமிலத்தைக் குறைக்க மூன்று வருடமாகச் சாப்பிடும் பான்டோப்ரசோல்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த மூன்று வகைகளும் உண்மையில் எதில் வேறுபடுகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்துவிட்டால் கடைக்காரர் எதை நீட்டினாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மெக்னீசியம் என்ற உலோகத்தைத் தனியாக மாத்திரையாக்க முடியாது. வேறொன்றுடன் சேர்த்து உப்பாகவோ சேர்மமாகவோதான் கொடுக்க முடியும். ஆக்சிஜனுடன் சேர்ந்தால் ஆக்ஸைடு, எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்துடன் சேர்ந்தால் சிட்ரேட், கிளைசின் என்ற அமினோ அமிலத்துடன் சேர்ந்தால் கிளைசினேட். உடம்புக்குள் போனபின் குடல் உறிஞ்சுவது பெரும்பாலும் மெக்னீசியத்தைத்தான். அதனுடன் வந்த துணைதான் மாத்திரையின் எடை, அது கரையும் விதம், வயிற்றில் அது செய்யும் வேலை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எடையிலிருந்து தொடங்குவோம். ஆக்சிஜன் மிக இலேசானது. அதனால் மெக்னீசியம் ஆக்ஸைடின் எடையில் சுமார் 60 சதவீதம் மெக்னீசியமே. சிட்ரேட்டில் அது அதிகபட்சம் 16 சதவீதம். சில தயாரிப்புகளில் 11 சதவீதம்தான். கிளைசினேட்டில் 14 சதவீதம். இது வேதியியல் கணக்கு. எந்தக் கம்பெனியும் இதை மீற முடியாது. உங்களுக்கு 200 மி.கி. மெக்னீசியம் வேண்டும் என்றால் ஆக்ஸைடில் சுமார் 330 மி.கி. போதும், ஒரு சின்ன மாத்திரையில் அடங்கிவிடும். சிட்ரேட்டில் குறைந்தது 1,235 மி.கி. வேண்டும். கிளைசினேட்டில் 1,420 மி.கி. வேண்டும். கிளைசினேட்டை ஒரு வேளைக்கு இரண்டு பெரிய மாத்திரையாகக் கொடுப்பதும், ஆக்ஸைடு மலிவாக இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

எனவே டப்பாவை வாங்கினால் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிடுங்கள். பின்பக்கத்தைத் திருப்பி, எலிமென்டல் மெக்னீசியம், அதாவது துணையின் எடை போக மெக்னீசியம் மட்டும், எவ்வளவு என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். உடம்புக்குக் கணக்கு அதுதான். அதற்கு மேலேயே 'ஒரு வேளை அளவு' எத்தனை மாத்திரை என்றும் இருக்கும். அது பல டப்பாக்களில் இரண்டு, சிலவற்றில் மூன்று. அறுபது மாத்திரை டப்பா இரண்டு மாதம் வரும் என்று நினைத்து வாங்கி, ஒரே மாதத்தில் தீர்ந்துபோய்த் திரும்பி வருபவர்களை மருந்துக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பக்கம் 'மெக்னீசியம் கிளைசினேட் 2000 மி.கி.' என்கிறது. பின்பக்கம் ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை, அதில் எலிமென்டல் மெக்னீசியம் 400 மி.கி. என்கிறது. சுத்தமான கிளைசினேட் 2,000 மி.கி. இருந்தால் அதிலிருந்து வரக்கூடிய மெக்னீசியம் அதிகபட்சம் 282 மி.கி.தான். மீதி 118 மி.கி. எங்கிருந்து வந்தது? அந்த இடைவெளியை நிரப்ப மலிவான வழி, கொஞ்சம் ஆக்ஸைடைக் கலப்பது. 2,000 மி.கி. எடையில் சுமார் 255 மி.கி. மட்டும் ஆக்ஸைடாக இருந்தால் கணக்கு நேராகிவிடும். எடையில் எட்டில் ஒரு பங்குதான் ஆக்ஸைடு. ஆனால் அது மட்டுமே 154 மி.கி. மெக்னீசியத்தைக் கொடுக்கிறது, அதாவது மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. இதை 'பஃபர்டு' கிளைசினேட் என்று வெளிப்படையாகவே எழுதி விற்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. அதில் தவறு ஒன்றும் இல்லை. எழுதாமல் கிளைசினேட் விலைக்கு விற்பதுதான் எனக்கு ஒப்பாத விஷயம். எலிமென்டல் அளவை மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். கிளைசினேட் என்று சொல்லும் பொருளில் அது 14 சதவீதத்தைத் தாண்டினால் உள்ளே வேறொன்றும் இருக்கிறது என்று பொருள். எலிமென்டல் வரியே இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

அடுத்தது கரைவது. தூள் கேப்ஸ்யூலாக இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைக் கொட்டிக் கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஆக்ஸைடு சுண்ணாம்புத் தண்ணீர்போல் வெள்ளையாகக் கலங்கி, பிறகு அடியில் மாவாகப் படிந்துவிடும். கிளைசினேட் பெரும்பாலும் கரைந்து தண்ணீர் தெளியும். இன்னொரு டம்ளரில் தண்ணீருக்குப் பதிலாக வினிகர் ஊற்றி ஆக்ஸைடைப் போட்டால் அது மெல்ல மெல்லக் கரைவதைக் காணலாம். இந்தச் சோதனையைக் கெட்டியான மாத்திரைக்கு முழுதாக நம்ப வேண்டாம். மாத்திரையைக் கட்டிப்போடச் சேர்க்கும் செல்லுலோஸ் முதலியவை எப்படியும் அடியில் தங்கும்.

அந்த வினிகர் டம்ளர்தான் ஆக்ஸைடின் கதையைச் சொல்கிறது. ஆக்ஸைடு தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது, அமிலத்தில்தான் கரையும். நம் வயிற்றில் அமிலம் நிறையச் சுரந்தால் அதில் ஒரு பகுதி கரைந்து குடலுக்குப் போகும், அமிலம் குறைவாக இருந்தால் அதுவும் குறையும். 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வயிற்றில் அமிலம் உச்சத்தில் சுரக்கும் நிலையை ஆய்வகத்தில் உண்டாக்கி ஆக்ஸைடை அதில் போட்டுப் பார்த்தது. அப்போதும் பாதிக்கும் குறைவாகவே கரைந்தது. சிட்ரேட்டோ வெறும் தண்ணீரிலேயே பாதிக்கு மேல் கரைந்தது.

இதை வைத்துக்கொண்டு 'ஆக்ஸைடில் நான்கு சதவீதம்தான் உடம்பில் சேரும், மீதியெல்லாம் வீண்' என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அந்த நான்கு சதவீதம் 2001-இல் வந்த ஓர் ஆய்வின் எண். மாத்திரை சாப்பிட்ட பிறகு சிறுநீரில் எவ்வளவு மெக்னீசியம் கூடுகிறது என்று அளந்து, அதிலிருந்து கணக்கிட்டது. அதற்கு ஏழு வருடம் முன்பு, 1994-இல், குடலின் ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் இழந்த பன்னிரண்டு நோயாளிகளுக்கு ஆக்ஸைடையும் கிளைசினேட்டையும் கொடுத்து, அடையாளமிட்ட மெக்னீசியத்தை வைத்து அளந்தார்கள். அங்கே இரண்டும் ஏறக்குறையச் சமம், தலா 23 சதவீதத்தை ஒட்டி வந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரில் ஆக்ஸைடை மிக மோசமாக உறிஞ்சிய நால்வருக்குக் கிளைசினேட் தெளிவாகக் கூடுதலாகச் சேர்ந்தது. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த நால்வர்தான். குடல் நன்றாக இருப்பவருக்கு எந்த வகை என்பதால் வரும் வித்தியாசம் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. உறிஞ்சும் திறன் குறைந்தவருக்குத்தான் அது பெரிது. 2003-இல் ஆரோக்கியமானவர்களிடம் அறுபது நாள் கொடுத்துப் பார்த்த இன்னோர் ஆய்வில் சிட்ரேட், அமினோ அமில வகை, ஆக்ஸைடு மூன்றையும் ஒப்பிட்டார்கள். அதில் முன்னால் வந்தது சிட்ரேட். ஆகவே கிளைசினேட்தான் எல்லாவற்றிலும் அதிகமாகச் சேரும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

வகையைவிட அளவு முக்கியம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1991-இல் செய்த ஒரு சோதனையில், 36 மி.கி. மெக்னீசியம் கொடுத்தபோது 65 சதவீதம் உறிஞ்சப்பட்டது. கிட்டத்தட்ட ஒரு கிராம் கொடுத்தபோது 11 சதவீதம்தான். குடலின் வாசல் அவ்வளவுதான். எந்த உப்பாக இருந்தாலும் 400 மி.கி.யை ஒரே வேளையில் விழுங்குவதைவிட இரண்டு வேளையாகப் பிரித்துச் சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும், வயிறும் கெடாது.

சரி, உறிஞ்சப்படாத மெக்னீசியம் என்ன ஆகிறது? குடலிலேயே தங்கி, தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மலம் இளகுகிறது. நம் வீடுகளில் பேதி உப்பு என்று சொல்லிவந்தது மெக்னீசியம் சல்ஃபேட்தான், அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆக, உடம்பில் சேராமல் போவது எல்லா நேரத்திலும் குறை அல்ல. மலச்சிக்கலுக்காகச் சாப்பிடுபவருக்கு அதுவே மருந்து. ஜப்பானில் மலச்சிக்கலுக்கு மருத்துவர்கள் வெகுவாக எழுதித் தருவது இந்த மலிவான ஆக்ஸைடுதான். இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் மூன்றுக்கும் உரிய இடம் தானாகத் தெரிந்துவிடும்.

ஆக்ஸைடு முதன்மையாகக் குடலுக்கானது. மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் இரண்டுக்கும் பழைய, மலிவான, நம்பகமான மருந்து. குறைபாட்டை நிரப்ப அது ஆகவே ஆகாது என்பதில்லை. பணம் நெருக்கடியாக இருந்து, வயிற்றில் அமிலம் நன்றாகச் சுரந்து, குடல் தாங்கினால் அதுவும் வேலை செய்யும். ஒற்றைத் தலைவலிக்குத் தடுப்பாகத் தலைவலி மருத்துவர்கள் பலர் தினம் 400 முதல் 500 மி.கி. வரை ஆக்ஸைடைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

சிட்ரேட் நடுவில் நிற்பது. நன்றாகக் கரைகிறது, வயிற்று அமிலத்தை அதிகம் நம்பியிருப்பதில்லை, கொஞ்சம் மலத்தையும் இளக்குகிறது. மலச்சிக்கலும் இருந்து மெக்னீசியமும் தேவைப்படுபவருக்கு ஒரு கல்லில் இரண்டு மாங்காய். 1996-இல் ஜெர்மனியில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் 81 பேரிடம் நடந்த சோதனையில் தினம் 600 மி.கி. மெக்னீசியத்தைச் சிட்ரேட்டாகக் கொடுத்தார்கள். மூன்றாவது மாதத்தில் தலைவலி வரும் தடவைகள் 42 சதவீதம் குறைந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 16 சதவீதம். அதே சோதனையில் மெக்னீசியம் சாப்பிட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக வயிற்றுப்போக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்த பெரிய அளவு. வீட்டில் நாமாகப் போடும் அளவு அல்ல.

கிளைசினேட் வயிற்றைத் தொந்தரவு செய்யாதது. அடிக்கடி வயிறு இளகுபவர், குடல் அறுவை சிகிச்சை செய்தவர், சிட்ரேட் போட்டால் கழிப்பறைக்கு ஓடுபவர், மாதக்கணக்கில் தொடர்ந்து சாப்பிட வேண்டியவர் ஆகியோருக்கு அது பொருத்தம். மெக்னீசியம் மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் வயிற்றுப்போக்கால்தான் விடுகிறார்கள். அதனால் இந்தக் குணம் சின்ன விஷயம் அல்ல.

தூக்கத்துக்குக் கிளைசினேட் தனிச்சிறப்பு என்று விளம்பரங்கள் சொல்வதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். கிளைசின் தூக்கத்துக்கு உதவுகிறது என்று காட்டிய சிறிய ஜப்பானிய ஆய்வுகளில் படுக்கப் போகும் முன் 3 கிராம் கிளைசின் கொடுத்தார்கள். 200 மி.கி. மெக்னீசியம் தரும் கிளைசினேட்டில் கிளைசின் சுமார் 1.2 கிராம்தான் வருகிறது. தூக்கமின்மைக்கு மெக்னீசியம் உதவும் என்பதற்கு வழக்கமாகக் காட்டப்படும் 2012-ஆம் ஆண்டு ஈரானிய ஆய்வு 46 முதியவர்களிடம் நடந்தது. அதில் கொடுத்தது கிளைசினேட் அல்ல, ஆக்ஸைடு. உடம்பில் மெக்னீசியம் குறைந்திருந்தால் நிரப்பும்போது தூக்கம் சற்று மேம்படலாம். அதற்கு மேல் எதிர்பார்த்து விலை கொடுக்க வேண்டாம்.

த்ரியோனேட் என்று ஒன்று மிக அதிக விலையில் வருகிறது. அதில் மெக்னீசியம் 8 சதவீதம்தான். மூளைக்குள் போய்ச் சேரும் என்ற பேச்சு எலிகளிடம் செய்த ஆய்விலிருந்து தொடங்கியது. மனிதர்களிடம் உள்ள சான்று சிறிது. மாலேட், டாரேட் போன்றவையும் நன்றாகவே உறிஞ்சப்படக்கூடும். ஆனால் அவற்றுக்கென்று தனிப் பயன் ஏதும் உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. பேதி உப்பைப் போட்ட வெந்நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கும். அந்த இதத்துக்கு வெந்நீரே காரணம், தோல் வழியாக மெக்னீசியக் குறைபாடு தீரும் என்று கணக்கில் வைக்க முடியாது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற அமிலத் தடுப்பு மருந்துகளை நீண்ட காலம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல், சாப்பிடும் சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் இறங்கிவிடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இல் இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. அவர்கள் ஆராய்ந்த நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மெக்னீசியம் கொடுத்தும் அளவு ஏறவில்லை. அமில மருந்தை நிறுத்திய பிறகுதான் ஏறியது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் மூன்று வருடமாக அதைச் சாப்பிடும் ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மெக்னீசியம் மிகவும் இறங்கினால் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்கும். அப்போது பிடிப்பு, நடுக்கம், விரல் மரத்தல், படபடப்பு என்று வரும்.

அதனால் உங்கள் மருத்துவரிடம் மெக்னீசியம், பொட்டாசியம், கால்சியம், கிரியேட்டினின் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு அளவையும் சேர்த்துக்கொள்ளலாம், அது சரியாக இல்லாவிட்டாலும் தசை பிடிக்கும். ரத்த மெக்னீசியம் பொதுவாக 1.7 முதல் 2.2 மி.கி./டெ.லி. வரை இருக்கும். பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் எல்லை சற்று மாறும். இந்தப் பரிசோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. உடம்பில் இருக்கும் சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது, மீதியில் பெரும்பகுதி தசையிலும் பிற திசுக்களிலும் இருக்கிறது, ரத்த நீரில் இருப்பது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆகவே அளவு குறைவாக வந்தால் குறைபாடு நிச்சயம். இயல்பாக வந்தால் குறைபாடே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. அதோடு பான்டோப்ரசோல் இன்னும் தேவைதானா என்றும் கேளுங்கள். சில வாரங்களுக்கு என்று தொடங்கியது வருடக்கணக்கில் ஓடுவது நம் ஊரில் மிகச் சாதாரணம். நீங்களாக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பும். எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார்.

கிரியேட்டினின் பார்க்கச் சொல்வது பெயருக்கு அல்ல. கூடுதல் மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது பழுதுபட்டிருந்தால், குறிப்பாக வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால், சாதாரண அளவு மாத்திரையே ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். குமட்டல், அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், கைகால் தளர்ச்சி, ரத்த அழுத்தம் இறங்குதல், நாடித்துடிப்பு மெதுவாதல் என்று அது வளரும். ஜப்பானில் மலச்சிக்கலுக்கு ஆக்ஸைடை நீண்ட நாள் சாப்பிட்ட முதியவர்களிடம் இது நடந்து, அந்நாட்டு மருந்து அமைப்பு எச்சரிக்க வேண்டியிருந்தது. கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது என்பதால் சிறுநீரக நோயாளி இதைத் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், உங்களுக்கு ஆக்ஸைடை நான் சொல்லாததற்குக் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். அது கரைய அமிலம் வேண்டும், உங்கள் அமிலத்தைப் பான்டோப்ரசோல் அடக்கி வைத்திருக்கிறது. அமில மருந்துடன் சேரும்போது ஆக்ஸைடின் மலமிளக்கும் வேலையும் மந்தமாவதை ஜப்பானிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிட்ரேட்டுக்கு அந்தச் சிக்கல் குறைவு, உங்கள் மலச்சிக்கலுக்கும் அது கைகொடுக்கும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எலிமென்டல் கணக்கில் 100 மி.கி. என்று தொடங்குங்கள். ஒரு வாரம் வயிறு எப்படி இருக்கிறது என்று பார்த்து 200 மி.கி. ஆக்குங்கள். மலம் தண்ணீராகப் போனால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். அப்படியும் சரிவராவிட்டால் அதே அளவில் கிளைசினேட்டுக்கு மாறுங்கள். உணவில் வருவது போக மாத்திரையாக ஒரு நாளைக்கு 350 மி.கி.க்கு மேல் மருத்துவர் சொல்லாமல் போக வேண்டாம். இந்திய, அமெரிக்க வரம்புகள் இரண்டும் அதுதான். ஐரோப்பிய வரம்பு 250.

தைராய்டு மாத்திரையுடன் இதைச் சேர்த்துவிடாதீர்கள். மெக்னீசியம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு உறிஞ்சவிடாது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். நீங்கள் தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு மெக்னீசியத்தை இரவில் போட்டால் பிரச்சினையே இல்லை. டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் இதே நிலைதான். அந்த மருந்தைச் சாப்பிடும் சில நாட்களுக்கு மெக்னீசியத்தை நிறுத்திவைப்பது சுலபமான வழி. எலும்புக்கு வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் சாப்பிடுபவர்கள் அந்தக் காலை வேளையில் மெக்னீசியத்தைத் தொடவே கூடாது.

எதிர்பார்ப்பைப் பற்றியும் நேராகச் சொல்கிறேன். உங்கள் கால்பிடிப்பு மெக்னீசியக் குறைபாட்டால் வந்திருந்தால் இது நன்றாக உதவும். குறைபாடு இல்லாத வயதானவர்களுக்கு வரும் இரவுக் கால்பிடிப்பை மெக்னீசியம் குறிப்பிடும்படி குறைக்க வாய்ப்பில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டி 2020-இல் வெளியிட்ட அறிக்கையின் முடிவு அதுதான். 2017-இல் இஸ்ரேலில் 94 பேரிடம் ஆக்ஸைடைக் கொடுத்துப் பார்த்தார்கள். மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கும் குறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. கால்பிடிப்பு தானாக வந்து தானாகத் தணியும் குணமுடையது. அதனால்தான் 'எனக்கு இந்த மாத்திரையில் உடனே நின்றுவிட்டது' என்று பலர் மனதார நம்பிச் சொல்கிறார்கள்.

மாத்திரையோடு கூடவே செய்யவேண்டியது ஒன்று உண்டு, அதற்குச் செலவில்லை. படுக்கப் போகும் முன் சுவரைப் பார்த்து ஓரடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னால் சாய வேண்டும். கெண்டைக்கால் சதை இழுபடுவது தெரியும். அப்படியே பத்து விநாடி நின்று விட்டுவிடுங்கள். காலுக்கு மூன்று தடவை போதும். 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நெதர்லாந்தில் ஆறு வாரம் செய்த சோதனையில், இரவுதோறும் கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கத்தையும் இப்படி நீட்டியவர்களுக்குப் பிடிப்பு தெளிவாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையோ கொழுப்புக்கு ஸ்டாட்டினோ சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகள் பலவும் மெக்னீசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றுபவை.

சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் பேசினால் பதில் முழுமையாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வகுத்த அளவின்படி பெண்களுக்கு ஒரு நாளைக்கு 370 மி.கி., ஆண்களுக்கு 440 மி.கி. மெக்னீசியம் தேவை. தீட்டிய பச்சரிசி நூறு கிராமில் 20 மி.கி.யை ஒட்டித்தான் இருக்கிறது. அதே நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 145. மூன்று வேளையும் அரிசியாகவே சாப்பிடும் வீட்டில் ஒரு வேளையைக் கேழ்வரகாகவோ கம்பாகவோ மாற்றி, மாலையில் ஒரு கைப்பிடி நிலக்கடலை சாப்பிட்டாலே ஒரு சிட்ரேட் மாத்திரையின் அளவு வந்துவிடும். வறுத்த பூசணி விதை கிடைத்தால் இன்னும் நல்லது, 30 கிராமில் 150 மி.கி.க்கு மேல் கிடைக்கும்.

ஆறு முதல் எட்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். வாரத்துக்கு எத்தனை இரவு பிடித்தது என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டே வாருங்கள். பரிசோதனையில் மெக்னீசியம் குறைவாக வந்திருந்தால் அந்தக் கெடு முடிந்ததும் மறுபடி ரத்தம் பாருங்கள். ஏறாமல் நின்றால் மாத்திரையின் வகையை மாற்றிப் பயன் இல்லை, பான்டோப்ரசோலைத்தான் மருத்துவர் மாற்ற வேண்டும். அளவு தொடக்கத்திலேயே இயல்பாக இருந்து, எட்டு வாரத்தில் நாட்காட்டியிலும் வித்தியாசம் தெரியாவிட்டால், மெக்னீசியத்தை நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு சிட்ரேட் தேவைப்பட்டால் அது மலச்சிக்கலுக்காக மட்டுமே. ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் தொடர்ந்து இருந்தாலோ, நடக்கும்போது பிடித்து நின்றவுடன் விட்டாலோ அது மெக்னீசியம் சம்பந்தப்பட்டதே அல்ல. அதற்கு எட்டு வாரம் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.